துணைநிலை ஆளுநரின் அதிகாரம்: புதுச்சேரியை முன்வைத்து ஒன்றிய ஆட்சிப்பகுதி நிர்வாகம்

ஆய்வுச்சுருக்கம்

சட்டமன்றமும் அமைச்சரவையும் பெற்ற ஒன்றிய ஆட்சிப்பகுதி, வெளித்தோற்றத்தில் மாநிலத்தைப் போன்றே காணப்படுகின்றது. எனினும் அமைச்சரவை எடுக்கும் முடிவு இறுதியானதா என்னும் வினாவில் இரண்டும் வேறுபடுகின்றன. புதுச்சேரியை ஆட்சி செய்யும் 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டத்தின் 44ஆம் பிரிவையும், இலவச அரிசி குறித்த வழக்கையும், 2021 பிப்ரவரியில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பையும் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ஒன்றிய ஆட்சிப்பகுதி, புதுச்சேரி, துணைநிலை ஆளுநர், நியமன உறுப்பினர், கூட்டாட்சி, மாநிலத் தகுதி

முன்னுரை

புதுச்சேரியில் கடைப்பலகைகளிலும் கட்சிச் சுவரொட்டிகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் ‘புதுவை மாநிலம்’ என்னும் தொடர் இயல்பாக வழங்குகின்றது. அங்கு ஒரு முதலமைச்சர் இருக்கிறார், சட்டமன்றம் கூடுகிறது, நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ஆகவே அத்தொடர் பிழையானது என்று பொதுமக்களிடம் வாதிடுவது வீண்வேலை. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மாநிலங்களுக்கு ஒரு பட்டியலும் ஒன்றிய ஆட்சிப்பகுதிகளுக்கு வேறொரு பட்டியலும் உள்ளன. புதுச்சேரி இரண்டாவது பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இந்த இடமாற்றம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்குமா, அதற்கு ஈடாக வங்கிக் கணக்கில் பணம் வருமா என்பது வரை அதன் விளைவு சென்று சேர்கின்றது.

இத்துறை குறித்த தமிழ்ப் பாடநூல்கள் ஒன்றிய ஆட்சிப்பகுதி என்பது ‘மத்திய அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட பகுதி’ என்று ஒரே வரியில் வரையறுத்து மேற்செல்கின்றன. அவ்வரையறை சண்டிகருக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இலட்சத்தீவுக்கும் பொருந்தும். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஒன்று இயங்கும் புதுச்சேரியில் ‘நேரடி ஆட்சி’ எவ்வழியாக நடைபெறுகின்றது என்பதை அது விளக்குவதில்லை. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் களம்.

மாநிலம் அல்லாத நிலப்பகுதி

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தில் ஒன்றிய ஆட்சிப்பகுதி என்னும் வகை இல்லை. முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவு மாநிலங்கள் என்று நான்கு தரங்கள் இருந்தன. 1956இல் மாநில மறுசீரமைப்பை ஒட்டி நிறைவேறிய ஏழாம் திருத்தம் இத்தரங்களை நீக்கியது. மாநிலங்கள் அனைத்தும் ஒரே தரமாயின. தனி மாநிலமாக நிற்க இயலாதவை என்றோ, அருகிலுள்ள மாநிலத்தோடு இணைக்கத் தகாதவை என்றோ கருதப்பட்ட பகுதிகள் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் எனப் பெயர் பெற்றன. டெல்லி, இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, அந்தமான் நிகோபார் தீவுகள், இலட்சத்தீவுக் கூட்டம் ஆகிய ஆறும் அன்றைய பட்டியல். இன்று எட்டு உள்ளன. அவற்றுள் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்று மட்டுமே சட்டமன்றம் உடையவை.

இவ்வகையின் அடிப்படை இரண்டு உறுப்புகளில் அடங்கியுள்ளது. 239ஆம் உறுப்பின்படி ஒன்றிய ஆட்சிப்பகுதியைக் குடியரசுத் தலைவர் ஆட்சி செய்கிறார்; தாம் தக்கதெனக் கருதும் அளவுக்கு ஒரு நிர்வாகி வழியாக அதைச் செய்கிறார். 246ஆம் உறுப்பின் நான்காம் கூறு, மாநிலத்தில் அடங்காத நிலப்பகுதிக்கு எப்பொருள் குறித்தும் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளும் இதற்கு விலக்கன்று. தமிழ்நாட்டின் எல்லைக்குள் மாநிலப் பட்டியல் ஒரு வேலி. அதே வேலி கோட்டக்குப்பத்தைக் கடந்து புதுச்சேரிக்குள் நுழைந்ததும் இல்லாமற்போகிறது. அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் கூட்டாட்சி மாவட்டமும் இத்தகைய நிலையிலேயே உள்ளது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நகர் தன் மேயரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றது. ஆயினும் அம்மன்றம் இயற்றும் சட்டத்தை நீக்கும் அதிகாரம் நாட்டின் காங்கிரசிடமே எஞ்சியுள்ளது.

புதுச்சேரி இவ்வகைக்குள் வந்த வரலாறு தனித்தன்மை உடையது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தபின், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் பதினான்காம் திருத்தம் புதுச்சேரியைப் பட்டியலில் சேர்த்தது. 239அ என்னும் புதிய உறுப்பையும் படைத்தது. சில ஒன்றிய ஆட்சிப்பகுதிகளுக்குச் சட்டமன்றமோ அமைச்சரவையோ இரண்டுமோ அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பது அவ்வுறுப்பின் சாரம். அச்சட்டமன்றம் முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவோ, ஒரு பகுதி நியமிக்கப்பட்டதாகவோ இருக்கலாம் என்றும் அது கூறுகிறது. இந்த இரண்டாவது தொடரின் விலையைப் புதுச்சேரி அறுபதாண்டுகளுக்குப் பின் கொடுக்க நேர்ந்தது.

ஆக, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை அரசமைப்புச் சட்டமே படைத்துள்ளது. புதுச்சேரிச் சட்டமன்றத்தைப் படைத்தது 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டம். அச்சட்டத்தை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தலாம். டெல்லியின் நிலை இடைப்பட்டது. அதன் சட்டமன்றத்துக்கு 239அஅ என்னும் உறுப்பிலேயே இடமுண்டு. விந்தை என்னவெனில், டெல்லிச் சட்டமன்றத்துக்கு மறுக்கப்பட்ட காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்று பொருள்களும் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு மறுக்கப்படவில்லை. ஏட்டில் பார்த்தால் புதுச்சேரியின் அதிகாரப் பரப்பு டெல்லியினும் பெரிது. பரப்பு பெரிதாக இருப்பதும், அப்பரப்பில் இறுதிச் சொல் யாருடையது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

சொல் தரும் மயக்கம்

தமிழில் ‘துணைநிலை ஆளுநர்’ என்னும் வழக்கு நிலைபெற்றுவிட்டது. தமிழில் துணை என்பது முதன்மைக்கு அடுத்த படியைக் குறிக்கும். துணைவேந்தர், துணை ஆட்சியர் என்பன போல. எனவே துணைநிலை ஆளுநர் ஆளுநரைவிட அதிகாரம் குறைந்தவர் என்று வாசகர் எண்ணுவது இயல்பு. பதவிவரிசையில் அது சரி. அமைச்சரவையோடு ஒப்பிடுகையில் உண்மை இதற்கு நேர்மாறானது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அவரை ஆளுநர் என்று அழைப்பதே இல்லை. ‘நிர்வாகி’ என்றே குறிப்பிடுகின்றது. துணைநிலை ஆளுநர் என்பது அந்நிர்வாகிக்கு வழங்கப்படும் பதவிப்பெயர். நிர்வாகி என்னும் சொல்லே அப்பதவியின் இயல்பை உள்ளவாறு காட்டுகின்றது. மாநில ஆளுநர் மாநிலத்தின் தலைவர். நிர்வாகியோ குடியரசுத் தலைவரின் கையாக நின்று செயல்படுபவர்.

மாநில ஆளுநர் அமைச்சரவையின் உதவியையும் ஆலோசனையையும் பெற்றுச் செயல்பட வேண்டும் என்று 163ஆம் உறுப்பு கூறுகிறது. தம் விருப்புரிமைக்கு விடப்பட்ட சிலவற்றைத் தவிர, அந்த ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பதை 1974ஆம் ஆண்டின் சம்சேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்தது. ஆளுநர்கள் மசோதாக்களைக் கிடப்பில் போட்டு வழக்குகளுக்கு இடமளித்ததை நாம் அறிவோம். ஆயினும் அவை பெரும்பாலும் மசோதாவுக்கு ஒப்புதல் தரும் கட்டத்தில் எழுந்தவை. ஒரு துறை எதைக் கொள்முதல் செய்யலாம், எத்திட்டத்தை எப்படி நடத்தலாம் என்னும் அன்றாட நிர்வாக முடிவில் ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று மாநில ஆளுநர் கோப்பைத் திருப்பி அனுப்ப இயலாது. துணைநிலை ஆளுநரால் இயலும்.

44ஆம் பிரிவு செயல்படும் முறை

1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நிர்வாகிக்கு உதவவும் ஆலோசனை கூறவும் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை இருக்கும் என்று 163ஆம் உறுப்பைப் போன்றே தொடங்குகிறது. வேறுபாடு அதன் வரம்புரையில் உள்ளது. நிர்வாகிக்கும் அமைச்சர்களுக்கும் இடையே எப்பொருளிலேனும் கருத்து வேறுபாடு எழுந்தால், நிர்வாகி அதனைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். அம்முடிவின்படியே நடக்க வேண்டும். முடிவு வரும்வரை, உடனடி நடவடிக்கை தேவை என்று நிர்வாகி கருதினால் அவரே தக்க நடவடிக்கையை எடுக்கலாம்.

இதன் நடைமுறையை அலுவல் விதிகள் வகுத்துள்ளன. அமைச்சர் ஒருவரின் முடிவில் துணைநிலை ஆளுநருக்கு உடன்பாடில்லை எனில், முதலில் அவ்வமைச்சரோடு கலந்துபேசி வேறுபாட்டைத் தீர்க்க முயல வேண்டும். தீரவில்லையெனில் கோப்பு அமைச்சரவைக்குச் செல்லும். அமைச்சரவையும் அதே முடிவில் நின்றால் கோப்பு டெல்லிக்கு அனுப்பப்படும். குடியரசுத் தலைவர் என்று சட்டம் கூறினாலும், அவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுபவராதலால், நடைமுறையில் முடிவெடுப்பது ஒன்றிய அரசு; கோப்பு சென்றடையும் இடம் உள்துறை அமைச்சகம்.

இங்கே ஒரு கட்டமைப்புச் சிக்கலை நோக்க வேண்டும். வழக்கில் ஒரு தரப்பாக நிற்கும் துணைநிலை ஆளுநரை நியமித்தவர் எவரோ, அவரே தீர்ப்பாளராகவும் அமைகிறார். ஒன்றியத்திலும் புதுச்சேரியிலும் ஒரே அணி ஆளும் காலத்தில் இது வெளியே தெரிவதில்லை. கோப்புகள் ஓசையின்றி நகரும். இரு இடங்களிலும் எதிரெதிர் அணிகள் ஆளும்போதுதான் வரம்புரை உயிர்பெறுகிறது. ஆகவே புதுச்சேரியில் ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் மோதல் எழும்போதெல்லாம் அதனைத் தனிமனிதர்களின் குணத்தால் விளக்குவது போதாது என்பது இவ்வாய்வாளரின் கருத்து. குணம் மோதலின் ஓசையைக் கூட்டலாம். மோதலுக்கான வாயிலைச் சட்டமே திறந்துவைத்துள்ளது.

2016 மே மாதம் கிரண் பேடி துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்றார். வி. நாராயணசாமி முதலமைச்சரானார். கோப்புகளை நேரடியாக வரவழைப்பது, அதிகாரிகளுக்கு நேரடியாக ஆணையிடுவது ஆகியவை குறித்து இருவருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. துணைநிலை ஆளுநருக்கு அவ்வதிகாரம் உண்டு என்னும் பொருள்பட 2017இல் உள்துறை அமைச்சகம் இரு விளக்கக் கடிதங்களை அனுப்பியது. அவற்றை எதிர்த்துச் சட்டமன்ற உறுப்பினர் க. இலட்சுமிநாராயணன் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அக்கடிதங்களை நீக்கி, அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட இயலாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. ஓராண்டுக்குள் ஒரே நீதிமன்றம் இருவேறு முடிவுகளுக்கு வந்தமை, 44ஆம் பிரிவின் சொற்கள் எவ்வளவு அகன்றவை என்பதைக் காட்டும். ‘எப்பொருளிலேனும்’ என்பதை ‘ஒவ்வொரு பொருளிலும்’ என்று படிக்கக் கூடாது என 2018இல் டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 239அஅ உறுப்பை முன்னிட்டுக் கூறியிருந்தது. ஆனால் டெல்லியும் புதுச்சேரியும் ஒரே உறுப்பின்கீழ் வருவன அல்ல.

அரிசியும் பணமும்

இப்பிரிவு ஒரு குடும்பத்தின் அடுக்களை வரை சென்ற வழியை இலவச அரிசித் திட்டத்தில் காணலாம். குடும்ப அட்டை வைத்திருப்போருக்குப் புதுச்சேரி அரசு இலவசமாக அரிசி வழங்கிவந்தது. அரிசிக்கு ஈடான தொகையைப் பயனாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும் என்பது துணைநிலை ஆளுநரின் நிலைப்பாடு. கொள்முதலில் முறைகேட்டுக்கு இடமிராது என்பது அதற்கான வாதம். அரிசியாகவே வழங்க வேண்டும் என்பது அமைச்சரவையின் முடிவு. மக்கள் கேட்பது அரிசியே. வீட்டில் ஒருவர் கணக்கில் விழும் பணம் உலைக்கு வந்துசேரும் என்பதற்கு உறுதியில்லை என்பது அதன் வாதம்.

இவ்விரண்டில் எது சிறந்த கொள்கை என்பதைப் பொருளியலார் வாதிடலாம். இரு பக்கமும் நியாயங்கள் உள்ளன. இக்கட்டுரைக்கு வேண்டிய வினா வேறு: முடிவெடுக்க உரியவர் யார்? தமிழ்நாட்டில் இவ்வினாவே எழாது. அமைச்சரவை முடிவெடுக்கும், ஆளுநரின் பெயரால் ஆணை வெளிவரும், பிடிக்காத மக்கள் அடுத்த தேர்தலில் தம் கருத்தைக் காட்டுவர். புதுச்சேரியில் கருத்து வேறுபாடு 44ஆம் பிரிவின்படி டெல்லிக்குச் சென்றது. பணமாகவே வழங்க வேண்டும் என்னும் முடிவு திரும்பி வந்தது. அதை எதிர்த்து முதலமைச்சரே நீதிமன்றத்தை நாடினார். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. வேறுபாடு எழுந்தது, அது அனுப்பப்பட்டது, முடிவு வந்தது. சட்டம் வகுத்த வழி முழுமையாகப் பின்பற்றப்பட்டிருந்ததால் முதலமைச்சருக்குப் பற்றிக்கொள்ளச் சட்டப்பிடி ஏதும் இல்லை.

இதில் பொறுப்பு எங்கே சென்று நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அரிசி கிடைக்காத குடும்பத்தலைவி தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் முறையிடுவார். முடிவெடுத்தவர்களோ அவருடைய வாக்கைக் கேட்டு வர வேண்டிய தேவை இல்லாதவர்கள். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் இடமும் மாநிலங்களவையில் ஓர் இடமுமே உள்ளன.

மூன்று வாக்குகள்

239அ உறுப்பின் ‘ஒரு பகுதி நியமிக்கப்பட்ட’ என்னும் தொடருக்கு இப்போது வருவோம். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு மக்கள் 30 பேரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களோடு மூவர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. நியமனத்துக்கு முன் புதுச்சேரி அரசைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அதில் இல்லை. நெடுங்காலம் புதுச்சேரி அமைச்சரவை பரிந்துரைத்தவர்களை நியமிப்பதே மரபு என்று கருதப்பட்டு வந்தது. 2017இல் பரிந்துரை ஏதுமின்றி பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த மூவரை ஒன்றிய அரசு நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 டிசம்பர் 6 அன்று நீதிமன்றம் நியமனத்தை உறுதிசெய்தது. நிதிநிலை அறிக்கை மீதும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீதும் அவர்கள் வாக்களிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. சட்டம் உறுப்பினர் என்று மட்டுமே கூறுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டவர் என்று வாக்குரிமையில் பிரிக்கவில்லை என்பது அதன் அடிப்படை.

அத்தீர்ப்பின் பொருள் 2021 பிப்ரவரி 22 அன்று தெளிவாயிற்று. ஒருவரின் தகுதியிழப்பாலும் அறுவரின் பதவி விலகலாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கை 30இலிருந்து 23 ஆகக் குறைந்திருந்தது. (கடைசியாக விலகிய இருவருள் ஒருவர், மேற்சொன்ன வழக்கைத் தொடுத்த இலட்சுமிநாராயணனே என்பது அரசியலின் வேடிக்கை.) ஆளும் அணியில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12 பேர், காங்கிரசுக்கு 9, திமுகவுக்கு 2, சுயேச்சை 1. எதிரணியில் என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4 என 11 பேர். பேரவைத் தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்கு பயன்படும். ஆகத் தேர்ந்தெடுக்கப்பட்டோரை மட்டும் எண்ணினால் 11க்கு 11. தலைவரின் முடிவு வாக்கால் அரசு பிழைத்திருக்கும். நியமன உறுப்பினர் மூவரைச் சேர்த்தால் 11க்கு 14. அரசு கவிழும்.

நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று வாதிட்ட முதலமைச்சர், வாக்கெடுப்புக்கு முன்பே தம் அணியினருடன் அவையைவிட்டு வெளியேறினார். தீர்மானம் தோற்றதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். பதவி விலகல்களே அரசைக் கவிழ்த்தன என்பாரும் உளர்; அக்கூற்றில் உண்மை உண்டு. அறுவர் விலகியிராவிடில் அந்நிலை வந்திராது. எனினும் கடைசிக் கட்டத்தில் தராசைச் சாய்த்தவை மக்கள் அளிக்காத மூன்று வாக்குகள். 30 பேர் கொண்ட அவையில் மூன்று என்பது பத்தில் ஒரு பங்கு. 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அதே விகிதத்தில் 23 பேரை ஒன்றிய அரசு நியமிப்பதாகக் கற்பனை செய்து பார்த்தால் அதன் கனம் விளங்கும். மாநிலச் சட்டமன்றம் எதிலும் ஒன்றிய அரசு ஓர் உறுப்பினரையேனும் நியமிக்க வழியில்லை.

அதன்பின் நிகழ்ந்ததைச் செய்தித்தாள்கள் ‘குடியரசுத் தலைவர் ஆட்சி’ என்றே எழுதின. மாநிலங்களில் அவ்வாட்சி 356ஆம் உறுப்பின்படி வரும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இரண்டு மாதங்களுக்குள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அவ்வுறுப்பு மாநிலங்களுக்கே உரியது. புதுச்சேரியில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் விதிகளைக் குடியரசுத் தலைவர் தம் ஆணையால் நிறுத்திவைக்கிறார். அதாவது இயல்பாகவே குடியரசுத் தலைவர் ஆளும் பகுதியில், இடையில் வைக்கப்பட்டிருந்த அமைச்சரவை சிறிது காலம் அகற்றப்படுகிறது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

நிதியில் இரட்டை நிலை

நிதியைப் பொறுத்தவரை புதுச்சேரி ஒரே நேரத்தில் மாநிலமாகவும் மாநிலம் அல்லாததாகவும் விளங்குகின்றது. சரக்கு மற்றும் சேவை வரிக்கான உறுப்புகளில் ‘மாநிலம்’ என்பது சட்டமன்றமுடைய ஒன்றிய ஆட்சிப்பகுதியையும் உள்ளடக்கும் என்று அரசமைப்புச் சட்டமே கூறுகிறது. ஆகவே அவ்வரிக்கான மன்றத்தில் புதுச்சேரி அமைச்சர் மாநில அமைச்சர்களோடு அமர்கிறார். புதுச்சேரிக் கடையில் தரப்படும் பற்றுச்சீட்டிலும் தமிழ்நாட்டைப் போலவே மாநில வரி என்றே அச்சாகிறது. சண்டிகரில் அவ்விடத்தில் ஒன்றிய ஆட்சிப்பகுதி வரி என்று இருக்கும்.

நிதி ஆணையத்தின் முன் நிலைமை மாறுகிறது. ஒன்றிய வரிகளில் பகிர்வு மாநிலங்களுக்கே உரியது. பதினைந்தாம் நிதி ஆணையம் பரிந்துரைத்த 41 விழுக்காடு மாநிலங்களிடையே பிரிக்கப்படுவது. அதில் புதுச்சேரிக்குப் பங்கில்லை. அதற்கு ஈடாக உள்துறை அமைச்சகத்தின் வழியே ஆண்டுதோறும் மானியம் வருகிறது. பகிர்வு உரிமையாக வருவது. அதற்கொரு சூத்திரம் உண்டு. மானியம் ஒன்றிய அரசின் முடிவால் வருவது. 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக்கணக்கு தொடங்கப்பட்டதுமுதல் கடனும் வட்டியும் அதன் சொந்தச் சுமையாயின. சுமையில் மாநிலமாகவும் பங்கில் ஒன்றிய ஆட்சிப்பகுதியாகவும் நிற்கும் இந்நிலை குறித்தே புதுச்சேரியின் அரசுகள், கட்சி வேறுபாடின்றி, முறையிட்டு வந்துள்ளன.

நிதிநிலை அறிக்கைக்கும் ஒரு வாயிற்படி உண்டு. மாநிலத்தில் அமைச்சரவை முடிவுசெய்த அறிக்கை ஆளுநரின் பெயரால் அவையில் வைக்கப்படும். புதுச்சேரியில் குடியரசுத் தலைவரின் முன்னனுமதி பெற்ற பின்னரே வைக்க முடியும். டெல்லியிலிருந்து அனுமதி வரத் தாமதமானால், மார்ச்சு மாதத்தில் சில மாதச் செலவுக்கான இடைக்கால ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு முழு அறிக்கைக்காகக் காத்திருக்க நேரிடும். தேர்தல் இல்லாத ஆண்டிலும் புதுச்சேரியில் இடைக்கால ஒப்புதல் என்னும் செய்தியைக் காணும் வாசகர், காரணத்தை இவ்விடத்தில் தேடலாம்.

மாநிலத் தகுதி என்னும் கோரிக்கை

ஒன்றிய ஆட்சிப்பகுதி என்பது மாறாத நிலையன்று. இமாச்சலப் பிரதேசம் 1971இலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972இலும், மிசோரமும் அருணாச்சலப் பிரதேசமும் கோவாவும் 1987இலும் மாநிலங்களாயின. கோவாவின் சான்று புதுச்சேரிக்கு மிக நெருக்கமானது. அதுவும் ஐரோப்பியக் குடியேற்றமாக இருந்து வந்தது; அதுவும் 1963ஆம் ஆண்டின் இதே சட்டத்தால் ஆளப்பட்டது. மாநிலமானதும் நியமன உறுப்பினர்களும் கருத்து வேறுபாட்டு வரம்புரையும் அங்கு மறைந்தன. அம்மாற்றத்துக்குத் தேவைப்பட்டது நாடாளுமன்றத்தின் ஒரு சட்டமே. புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கோரிப் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. 2024 ஆகஸ்டிலும் ஒன்று நிறைவேறியது. அத்தீர்மானங்கள் ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல.

கோரிக்கைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை. ஒன்று நிதி. மாநிலமானால் மானியம் நின்று பகிர்வு தொடங்கும். மக்கள்தொகையில் மிகச் சிறிய ஒரு மாநிலத்துக்கு அப்பகிர்வு இன்றைய மானியத்துக்கு ஈடாகுமா என்பது நிதி ஆணையத்தின் சூத்திரத்தைப் பொறுத்தது. மற்றொன்று நிலவியல். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டாலும், மாகே கேரளத்தாலும், ஏனாம் ஆந்திரத்தாலும் சூழப்பட்டவை. மாகேயிலும் ஏனாமிலும் வாழ்வோர் மலையாளமும் தெலுங்கும் பேசுவோர். புதுச்சேரியில் அமையும் முழு அதிகாரமுள்ள அரசைக் காட்டிலும், தொலைவிலுள்ள டெல்லி தமக்கு நடுநிலையானது என்று அப்பகுதிகளில் சிலர் கருதக்கூடும் என்பதைப் புதுச்சேரியின் தமிழ் அரசியல் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விவாதத்தில் அரிதாகவே எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆவணம் உண்டு. 1956ஆம் ஆண்டின் ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு, இப்பகுதிகள் 1954 நவம்பர் 1க்கு முன் பெற்றிருந்த தனி நிர்வாக நிலையைத் தொடர்ந்து பெறும் என்கிறது. அந்நிலையில் பின்னர் அரசமைப்பு சார்ந்த மாற்றம் எதுவும் செய்யப்படுமாயின், அது மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்றும் கூறுகிறது. அண்டை மாநிலங்களோடு இணைப்பதைத் தடுக்கும் அரணாகவே அவ்வாசகம் இதுவரை படிக்கப்பட்டு வந்துள்ளது. மாநிலத் தகுதியும் அத்தகைய ஒரு மாற்றமே. அவ்வாசகத்தின்படி, அதற்கு முன் விருப்பம் அறியப்பட வேண்டியவர்களுள் மாகேயின் மக்களும் ஏனாமின் மக்களும் அடங்குவர்.